நீண்ட ஆய்வுப் பணிக்கு அலைமுறைத் திட்டமிடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோலிங் வேவ் பிளானிங் என்றால் சுருக்கமாக என்ன?

அடுத்த சில மாதங்களின் பணியை நாள் வாரியாகவும் ஆள் வாரியாகவும் எழுதி, அதற்கு அப்பால் உள்ளதைப் பெரிய கட்டங்களாக மட்டும் வைத்துக்கொண்டு, காலம் நகர நகர அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விரித்துக்கொண்டே போகும் முறை இது. தமிழில் அலைமுறைத் திட்டமிடல் என்று சொல்லலாம். பிரித்து எழுதப்பட்ட பணியை ஒர்க் பேக்கேஜ் என்றும், இன்னும் பிரிக்காமல் காலமும் தொகையும் மட்டும் ஒதுக்கி வைத்த கட்டத்தை பிளானிங் பேக்கேஜ் என்றும் மேலாண்மைத் துறையினர் அழைப்பார்கள். இங்கே அவற்றைப் பணிப்பொதி, திட்டப்பொதி என்று குறிப்பிடுகிறேன்.

"அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதைத்தானே இப்படி நாகரிகமாகச் சொல்கிறீர்கள்?

இல்லை. திட்டப்பொதி என்பது வெற்றிடம் அன்று. அதில் நான்கு செய்திகள் கட்டாயம் இருக்க வேண்டும்: அந்தக் கட்டத்தின் முடிவில் கையில் என்ன இருக்கும், அது குறைந்தது எத்தனை மாதம், கூடினால் எத்தனை மாதம் எடுக்கும், அதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, அதை விரிப்பதற்கு எந்தத் தகவல் வர வேண்டும், எந்தத் தேதிக்குள் வர வேண்டும். நான்காவது செய்தியைத்தான் பெரும்பாலானோர் எழுதாமல் விடுகிறார்கள். அது இல்லாத திட்டப்பொதி உண்மையிலேயே "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" ஆகிவிடுகிறது.

அருகில் உள்ள அலை எத்தனை மாதம் இருக்க வேண்டும்? மூன்று மாதமா, ஆறு மாதமா?

காலண்டரை வைத்து வெட்டாதீர்கள். உங்களுக்கு ஒரு புதிய விடை கிடைக்கும் இடம் எதுவோ அந்த இடத்தில் வெட்டுங்கள் என்பதுதான் என் பரிந்துரை. மூன்று மாதம் என்று பொதுவாகச் சொல்லப்படும் அளவு கட்டுமானப் பணிக்குப் பொருந்தலாம். ஆய்வில் அலையின் எல்லை, "இதன் முடிவு தெரிந்தால்தான் அடுத்ததை எழுத முடியும்" என்ற இடத்தில் விழ வேண்டும்.

சென்னையில் நிலத்தடி நீர் ஆய்வு செய்பவர்களுக்கு இந்த எல்லையை வடகிழக்குப் பருவமழையே வகுத்துக் கொடுக்கிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்துவிடுவதால், மழைக்குப் பிந்தைய மாதிரியை ஜனவரியிலும் கோடைக்கால மாதிரியை மே மாதத்திலும் எடுக்கிறோம். ஜனவரியைத் தவறவிட்டால் இழப்பு ஒரு மாதம் அன்று, ஓர் ஆண்டு. செப்டம்பரில் தொடங்கும் திட்டத்திற்கு மூன்று மாத அலை போட்டால் அது நவம்பர் இறுதியில் மழைக்கு நடுவே முடியும். அந்த நேரத்தில் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. ஆகவே முதல் அலை ஜனவரி மாதிரிகளின் பகுப்பாய்வு முடியும் பிப்ரவரி நடுப்பகுதி வரை, ஏறத்தாழ ஐந்தரை மாதம் நீள வேண்டும்.

ஓர் உண்மையான ஆய்வை வைத்து முதல் அலையை எழுதிக் காட்ட முடியுமா?

நான் பழகிய வகை ஆய்வையே எடுத்துக்கொள்கிறேன். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை உள்ள கடற்கரை மணற்பரப்பில், கிணறுகள் உவர்ப்பாவதற்குக் காரணம் கிழக்கே இருக்கும் கடலா, மேற்கே உவர்நீரோடு ஓடும் பக்கிங்காம் கால்வாயா, வீடுகளின் கழிவுநீரா என்பது கேள்வி. மூன்று ஆண்டு, அதாவது 36 மாதத் திட்டம், செப்டம்பர் 1 அன்று தொடக்கம், 40 கிணறுகள்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கிணறுகளைத் தேர்ந்து, உரிமையாளர்களிடம் எழுத்து வழி ஒப்புதல் பெற்று, நீர்மட்டம் அளக்க வேண்டும். மழைக்கு முன்பே கிணற்று விளிம்புகளின் உயரத்தைச் சர்வே செய்து கடல் மட்டத்தோடு இணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரு கிணறுகளின் நீர்மட்டத்தை ஒப்பிடவே இயலாது. நவம்பர், டிசம்பரில் ஆய்வகக் கருவிகளைச் சரிபார்த்து, பயிற்சிக்காக ஐந்து கிணறுகளில் மட்டும் மாதிரி எடுத்துப் பார்க்கலாம்.

ஜனவரிப் பணியை நாள் வாரியாகவே எழுத வேண்டும். ஒரு கிணற்றில் முதலில் நீர்மட்டம் அளக்கிறோம். பிறகு மோட்டாரை ஓடவிட்டு, மின்கடத்துத்திறன் தொடர்ந்து மூன்று அளவீடுகளில் மாறாமல் நிற்கும்வரை காத்திருக்கிறோம். வடிகட்டி இரண்டு பாட்டில்களில் பிடிக்கிறோம். ஒன்றில் நைட்ரிக் அமிலம் சேர்ப்போம், அது உலோக அயனிகளுக்கு. மற்றது குளோரைடு, நைட்ரேட் போன்றவற்றுக்கு, அதில் எதையும் சேர்ப்பதில்லை. இரண்டும் ஐஸ் பெட்டிக்குள் போகும். இப்படி ஒரு நாளைக்கு ஐந்து கிணறுகள்தாம் ஆகும் என்பதைப் பயிற்சியின்போதே தெரிந்துகொள்கிறோம். 40 கிணறுகளுக்கு 8 களநாட்கள் என்று உடனே கணக்குப் போட்டுவிடத் தோன்றும். ஆனால் குளோரைடு 28 நாள் வரை தாங்கும் என்றாலும், அமிலம் சேர்க்காத மாதிரியில் நைட்ரேட்டை 48 மணி நேரத்திற்குள் அளந்துவிட வேண்டும். கழிவுநீரைப் பிரித்துக் காட்டும் முக்கியத் தடயம் நைட்ரேட்தான். களத்திற்குப் போகும் அதே ஆட்கள்தாம் ஆய்வகத்திலும் வேலை செய்கிறார்கள் என்பதால், ஒரு நாள் களம், மறுநாள் ஆய்வகம் என்று மாற்றி மாற்றி வைக்கிறோம். 8 நாள் என்று நினைத்தது 16 வேலை நாட்கள் ஆகிவிடுகிறது. பொங்கல் விடுமுறையில் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். வாட்ச்மேனிடம் மோட்டார் ரூம் சாவி இருக்காது. வாரக் கடைசி நாளில் களத்திற்குப் போனால் 48 மணி நேரம் விடுமுறையிலேயே கழிந்துவிடும் என்பதால், வாரத்திற்கு நான்கு நாள்தான் கிடைக்கும். ஜனவரி 20 அன்று தொடங்கினால் பிப்ரவரி 13 ஆகிறது.

அதற்குப் பின் ஒவ்வொரு மாதிரியிலும் நேர் அயனிகளின் கூட்டலும் எதிர் அயனிகளின் கூட்டலும் சமன்படுகின்றனவா என்று பார்க்கிறோம். வேறுபாடு 5 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த மாதிரியை மறுபடி ஓட்ட வேண்டும். அதற்கு ஒரு வாரம் ஒதுக்கி, பிப்ரவரி 20 அன்று அலையை முடிக்கிறோம். இந்த அளவுக்கு விவரமாக எழுதியதால்தான் எட்டுக்கும் பதினாறுக்கும் உள்ள வேறுபாடு ஜனவரிக்கு முன்பே தெரிகிறது.

தொலைவில் உள்ள வேலைகளைத் தோராயமாக விட்டுவிடலாம் என்றீர்கள். எல்லாவற்றையுமா?

இந்த முறையில் மிகுதியானோர் தவறுவது இந்த இடத்தில்தான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது பணியாற்றிய ஒரு துறையில், மே மாத மாதிரிகளின் பகுப்பாய்வு "இரண்டாம் அலை" என்பதால் அதற்கான எதையும் முதல் அலையில் நாங்கள் தொடவில்லை. நைட்ரேட் போன்ற அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி குரோமட்டோகிராஃபிக் கருவியின் பிரிகுழாய் தேய்ந்துபோயிருந்தது. புதியதற்கு ஏப்ரலில்தான் கொட்டேஷன் கேட்டோம். மாதிரிகள் மே மாதம் வந்து சேர்ந்தன. பிரிகுழாய் ஜூலை இறுதியில் வந்து சேர்ந்தது. குளோரைடை மட்டும் வெள்ளி நைட்ரேட் டைட்ரேஷனால் அளந்து காப்பாற்றினோம். நைட்ரேட் விவரம் முழுவதும் போயிற்று, அந்தக் கோடையும் போயிற்று. திட்டத்தில் எழுதப்பட்டிருந்த எதுவும் தவறில்லை. ஒரு வேலை எப்போது நடக்கிறது என்பதை மட்டும் பார்த்தோம். அதற்கான முடிவை எப்போது எடுக்க வேண்டும் என்பதைப் பார்க்கவில்லை.

ஆகவே விதியை இப்படிச் சொல்வேன்: அருகில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்பதைப் பணியின் தேதியை வைத்து அளக்காமல், அந்தப் பணிக்காகச் செய்ய வேண்டிய முதல் செயலின் தேதியை வைத்து அளக்க வேண்டும்.

மேலே சொன்ன ஆய்வில், சில கிணறுகளுக்குள் நீர்மட்டத்தையும் மின்கடத்துத்திறனையும் தானாகப் பதியும் லாகர்களை மே 10 அன்று இறக்க விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பணி இரண்டாம் அலையில் இருக்கிறது. பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். கிணறுகளில் இறக்க ஒரு வாரம்; அதற்கு முன் ஆய்வகத்தில் வாளி நீரில் ஒன்றாக மூழ்கவைத்து அளவீடுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரு வாரம்; ஸ்டோர்ஸில் பதிவு செய்து, பரிசோதித்து, வெளியே எடுக்க ஒரு வாரம்; வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள் என்பதால் சப்ளைக்குப் 14 வாரம்; விவரக்குறிப்பு எழுதி, ஜெம் எனும் அரசுக் கொள்முதல் தளத்தில் பார்த்து, கொட்டேஷன் பெற்று, கொள்முதல் குழு கூடி, ஆர்டர் போகும்வரை 6 வாரம். மொத்தம் 23 வாரம். மே 10-இலிருந்து பின்னோக்கிப் போனால் நவம்பர் 30 வருகிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே, ஜனவரி மாதிரியை எடுப்பதற்கு முன்பே, லாகருக்கான கோப்பு நகரத் தொடங்க வேண்டும்.

"எந்தக் கிணற்றில் இறக்குவது என்று பிப்ரவரியில்தானே தெரியும், எப்படி வாங்குவது?" என்று உடனே கேட்பார்கள். கேள்வி நியாயமானது; விடை, அந்த ஒரு முடிவை இரண்டாகப் பிரிப்பதில் இருக்கிறது. எந்தக் கிணறு என்பது ஜனவரி விடையைப் பொறுத்தது: உவர்ப்பு கிழக்கே மிகுந்திருந்தால் கடற்கரைக்குக் குறுக்கே ஒரு வரிசையிலும், மேற்கே மிகுந்திருந்தால் கால்வாய்க்குக் குறுக்கே ஒரு வரிசையிலும் வைப்போம். ஆனால் எத்தகைய லாகர் என்பது அதைப் பொறுத்ததன்று. ஆழமும் கேபிள் நீளமும் செப்டம்பர் நீர்மட்ட அளவீட்டிலிருந்தே தெரியும். அது மழைக்கு முந்தைய தாழ்ந்த மட்டத்தையே காட்டும். மின்கடத்துத்திறனின் எல்லை எப்படியும் கடல்நீரைத் தாங்குவதாக இருக்க வேண்டும். கடல்நீர் சென்டிமீட்டருக்கு 50,000 மைக்ரோசீமன்ஸ் அளவில் இருப்பதால், அதற்கு மேல் அளக்கக்கூடியதை வாங்குகிறோம். எத்தனை என்பதற்கு, இரண்டு வரிசைகளில் எது அமைந்தாலும் எட்டு போதும் என்று இப்போதே சொல்லிவிடலாம். வளிமண்டல அழுத்தத்தைக் கழிப்பதற்கு வெளியே வைக்கும் ஒரு பதிவுக்கருவி தனியாக வேண்டும். அதைச் சேர்க்க மறப்பவர்கள் பலர்.

ஆக, "என்ன வாங்குவது" நவம்பரில் முடிகிறது, "எங்கே வைப்பது" பிப்ரவரி வரை திறந்திருக்கிறது. ஒவ்வொரு திட்டப்பொதியையும் இப்படித் தட்டிப் பார்த்து, காத்திருக்கத் தேவையில்லாத பாதியை முதல் அலைக்கு இழுத்துவிட வேண்டும்.

இன்னொரு சிறு செய்தி. நவம்பர் 30 அன்று தொடங்கினால் ஆர்டர் ஜனவரி நடுவில் போகும். பொருள் ஏப்ரல் நடுவில் வரும். நடுவே மார்ச் 31 வந்து போகிறது. அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது, செலவாகவில்லை என்று திருப்பவும் கூடாது. பயன்பாட்டுச் சான்றிதழில் ஆர்டர் கொடுக்கப்பட்ட தொகை என்று தனியாகக் காட்ட வேண்டியிருக்கும். இதை ஜனவரியிலேயே கணக்குப் பிரிவில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மார்ச் கடைசி வாரத்தில் அங்கே யாருக்கும் பேச நேரம் இருக்காது.

அடுத்த அலையை எப்போது விரிப்பது?

முன் அலை முடிந்த பிறகு அல்ல; முடிய மூன்று அல்லது நான்கு வாரம் இருக்கும்போது. பிப்ரவரி 20 அன்று முடியும் அலைக்கு, ஜனவரி இறுதியில் முதல் இருபது கிணறுகளின் விவரம் வந்தவுடன் ஒரு முறை உட்கார வேண்டும். கைடு, திட்ட உதவியாளர், களப்பணியாளர் மூவரும் இருந்தால் ஒரு முற்பகல் போதும். நடந்து முடிந்த வேலைக்கு உண்மையில் எத்தனை நாள் ஆயிற்று என்பதை முதலில் எழுதுங்கள். அந்த எண்தான் அடுத்த அலையின் மதிப்பீட்டுக்கு அடிப்படை. ஒரு நாளைக்கு ஐந்து கிணறு என்று போட்டது நான்காகியிருந்தால் மே மாதத்திற்கும் நான்கு என்றே போட வேண்டும், "அப்போது பழகியிருப்போம்" என்று ஐந்தாக்கக் கூடாது; மே மாத வெயில் பழக்கத்தை ஈடுகட்டிவிடும்.

பிறகு அடுத்த திட்டப்பொதியை மட்டும் பிரியுங்கள். அதற்கு அடுத்ததைத் திறக்க வேண்டாம். அதன் மாத எல்லையையும், அதற்குள் ஒளிந்திருக்கும் நீண்ட கால ஆர்டர்களையும் மட்டும் பாருங்கள்.

நிதி தரும் அமைப்பு மூன்றாண்டுக்கும் பார் சார்ட் கேட்கிறதே, தோராயம் என்று எப்படிச் சொல்வது?

கேட்கும் படத்தைக் கொடுங்கள். முதலாண்டை மாத வாரியாகவும், மற்ற இரண்டை அரையாண்டுக் கட்டங்களாகவும் காட்டி, ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் எந்த முடிவு எதை வைத்து எடுக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்தால், மதிப்பீட்டுக் குழுவினர் அதைக் குறையாகக் கொள்வதில்லை. எனக்குத் தெரிந்தவரை, எதைப் பற்றி இன்னும் தெரியாது என்று தெளிவாக எழுதிய விண்ணப்பத்தை அவர்கள் நம்பிக்கையோடுதான் படிக்கிறார்கள்.

முக்கியமானது, விரித்தல் வேறு, மாற்றுதல் வேறு என்பதைக் காப்பது. ஒரு திட்டப்பொதியை அதற்கு ஒதுக்கிய மாதங்களுக்குள்ளும் தொகைக்குள்ளும் பிரித்து எழுதினால் அது விரித்தல். யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. மொத்தக் காலம் கூடினாலோ, ஒரு தலைப்பின் தொகை இன்னொரு தலைப்புக்குப் போனாலோ, ஆய்வின் குறிக்கோள் ஒன்று கைவிடப்பட்டாலோ அது மாற்றம். எழுதிக் கேட்டு ஒப்புதல் பெற வேண்டும். முதல் நாள் திட்டத்தின் ஒரு பிரதியைக் கைவைக்காமல் தனியே வைத்திருந்தால்தான் இந்த வேறுபாடு தெரியும்.

திட்டம் நழுவுகிறது என்பதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

அருகில் உள்ள அலையைப் பார்த்தால் தெரியாது. அது எப்போதும் அழகாகவே இருக்கும், ஏனென்றால் இந்த அலையில் முடியாததையெல்லாம் அடுத்த பொதிக்குள் தள்ளிவிட முடியும். பொதியின் பெயர் மாறாது, அதற்குள் வேலை மட்டும் பெருத்துக்கொண்டே போகும். ஆகவே ஒவ்வொரு முறை விரிக்கும்போதும், மீதியுள்ள பொதிகளைப் புதிதாக மதிப்பிட்டுக் கூட்டி, மீதியுள்ள மாதங்களோடு ஒப்பிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நம் ஆய்வில் 12 மாதம் முடிந்தது. 24 மாதம் மீதி. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியவை மட்டும் இவை: தரவுச் சேகரிப்பு 9 முதல் 10 மாதம், நிலத்தடி நீரோட்டத்தின் கணினி உருவகம் 6 முதல் 9 மாதம், கட்டுரைகள் 3 முதல் 5 மாதம், இறுதி அறிக்கை 2 முதல் 3 மாதம். குறைந்த அளவுகளின் கூட்டுத்தொகை 20, கூடிய அளவுகளின் கூட்டுத்தொகை 27. குறைந்தது 24-க்குள்ளும் கூடியது அதற்கு வெளியிலும் இருப்பது நீண்ட ஆய்வில் இயல்புதான். கவனம் வேண்டும், கலக்கம் வேண்டாம். அடுத்த முறை உட்காரும்போது குறைந்த அளவே மீதி மாதங்களைத் தாண்டிவிட்டால், எவ்வளவு உழைத்தாலும் முடியாது என்று பொருள். எதை விடுவது என்ற பேச்சை அன்றே தொடங்க வேண்டும். 30-ஆம் மாதத்தில் தொடங்கினால் விடுவதற்கு எதுவும் இருக்காது, எழுதுவதற்கான காலம்தான் பலியாகும்.

இன்னோர் அறிகுறி, விரித்த திட்டத்தின் நீளம் குறைந்துகொண்டே வருவது. இன்றைய தேதிக்கு அப்பால் இரண்டு வாரத்திற்கு மட்டுமே நாள் வாரித் திட்டம் இருந்தால், அலை நின்றுவிட்டது. வந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

2015, 2023 டிசம்பர் போல வெள்ளம் வந்துவிட்டால்?

ஜனவரி மாதிரி பிப்ரவரிக்குப் போகலாம். ஆனால் அது மழைக்குப் பிந்தைய அளவீடாக நிற்குமா என்பதை நீர்மட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள், வசதியை வைத்து அல்ல. நீர்மட்டம் இறங்கத் தொடங்கிவிட்டிருந்தால் அந்த விவரத்தை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட முடியாது. இதற்காகவே நவம்பர் முதல் நான்கைந்து கிணறுகளில் வாரம் ஒரு முறை நீர்மட்டம் அளக்கும் சிறு பணிப்பொதியை முதல் அலையில் சேர்த்துவிடுகிறோம். கிணற்றுக்குள் தெருவெள்ளம் நேரடியாக இறங்கியிருந்தால் அந்தக் கிணற்றை அந்தப் பருவத்தில் விட்டுவிட வேண்டும். 40 கிணறு தேவைப்படும் இடத்தில் 45-க்கு ஒப்புதல் வாங்கி வைப்பது அதனால்தான்.

இதற்குத் தனி மென்பொருள் வேண்டுமா?

வேண்டாம். ஸ்ப்ரெட்ஷீட் போதும். பணிப்பொதிகளுக்கு ஒரு தாள், திட்டப்பொதிகளுக்கு ஒரு தாள், முடிவுகளுக்கு ஒரு தாள். மூன்றாவது தாளில் முடிவு என்ன, யார் எடுப்பது, கடைசித் தேதி எது என்ற மூன்று நெடுவரிசைகள் இருந்து, அது தேதி வரிசையில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கள் அறையில் அந்தத் தாளை மட்டும் அச்செடுத்து வாசற்கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.

எந்த ஆய்வுக்கு இது ஒத்துவராது?

மருந்துப் பரிசோதனை போல, விடையைப் பார்ப்பதற்கு முன்பே முறையைப் பூட்ட வேண்டிய ஆய்வுகளுக்கு ஒத்துவராது. இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் இத்தகைய பரிசோதனைகளை, முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே தேசியப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். எத்தனை பேர், எதை முதன்மை விளைவாக அளப்பது என்பவற்றைப் பாதியில் வந்த விவரத்தைப் பார்த்து விரிக்கத் தொடங்கினால், வேண்டிய விடையைத் தேடிப் போவதாகிவிடும். அங்கேயும் ஆட்சேர்ப்பு, பயிற்சி, கொள்முதல் ஆகியவற்றை அலைமுறையில் திட்டமிடலாம், ஆய்வுமுறையைத் தொடக்கூடாது.

எங்கள் நீர் ஆய்விலும் அப்படிப்பட்ட ஒரு மூலை உண்டு. எந்தக் குளோரைடு அளவுக்கு மேல் ஒரு கிணற்றை உவர்ப்பு என்று கொள்வது என்பதை, ஜனவரி விவரம் வரும் முன்பே எழுதி வைத்துவிடுகிறோம். இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 250 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாத இடத்தில் 1,000 மில்லிகிராமை உச்ச அளவாகவும் சொல்கிறது. இரண்டில் எதைப் பயன்படுத்துகிறோம் என்பது செப்டம்பர்த் தாளிலேயே இருக்கிறது. அதற்குப் பின் எந்த அலையிலும் அந்த வரி திறக்கப்படுவதில்லை.